ஒரே மூச்சில் திருத்திய மெனு

அக்காவுக்குப் பிரெஞ்சு தெரிந்த அளவுக்கு மனிதர்களைத் தெரியாது. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதனால் புறம் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடுதான் இருக்கிறாள். தெருமுனையில் சின்ன ஹோட்டல் நடத்தும் சமையல்காரர், மனைவியை இழந்தவர், ஒருநாள் தன் மெனுவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டுப் பயணிகளுக்காகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பிரெஞ்சில் மொழிபெயர்த்திருந்தார். மீன் வறுவல் இருக்க வேண்டிய இடத்தில் மீன்குஞ்சு என்று வந்திருந்தது. அக்கா சிரித்தே விட்டாள்.

"கத்தரிக்காய நெருப்புல சுடுவீங்களா, சட்டியில வதக்குவீங்களா, எண்ணெயில பொரிப்பீங்களா? பிரெஞ்சுல ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பேரு."

"சொன்னா புரியாது டீச்சர். கொண்டு வரேன், சாப்பிட்டுப் பாருங்க."

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு டப்பா சாப்பாடும், மெனுவில் அதன் பெயருமாக வந்துகொண்டிருந்தார். ஒரு மெனுவுக்கு இத்தனை ஞாயிறா? எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அன்றைக்கெல்லாம் அக்கா காலையிலேயே தலைவாரி நல்ல சேலை கட்டிக்கொள்வாள். கேட்டால் எரிந்து விழுவாள்.

மெனுவின் தலைப்பில் அவர் எழுதியிருந்தது: 'வாங்க, உக்காருங்க, பசியோட வந்திருப்பீங்க.' கம்ப்யூட்டர் அதை 'வா, உட்கார்' என்று அதட்டலாக்கியிருந்தது. அக்கா அந்த வரியையே அடித்துவிட்டு, 'தங்களை வரவேற்பதில் மகிழ்கிறோம்' என்று பிரெஞ்சில் எழுதினாள்.

"ஹோட்டல்னா இப்படித்தான் போடணும். இது என்ன வீடா?"

"நான் வீடு மாதிரி நினைச்சுத்தான் எழுதினேன்," என்றார் அவர், மெதுவாக. அக்கா அந்த வரியைச் சரியாக உச்சரிக்கச் சொல்லிச் சொல்லி அவரைப் படுத்தி எடுத்தாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

பிறகு பரீட்சைத்தாள் திருத்தும் காலம் வந்தது. "இழுத்தடிக்காதீங்க, மிச்சத்தையும் மொத்தமா குடுங்க," என்று வாங்கி, சந்தேகங்களைப் போனிலேயே கேட்டு, ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்தாள்.

வாசலில் நின்று அவர் கேட்டார்: "அப்போ இனிமே நான் வர வேண்டியதில்லையா டீச்சர்?"

"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே!"

உள்ளே நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் அக்கா நல்ல சேலையில் உட்கார்ந்திருந்தாள். மதியம் கடந்ததும் எழுந்து போய் மாற்றிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, "அச்சு சரியா வந்திருக்கான்னு பாக்கணும்," என்று சாக்குச் சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தங்களை வரவேற்பதில் மகிழ்கிறோம், மேடம் என்று பிரெஞ்சில், துளி பிசகாமல் சொன்னார். மெனுவை வைத்தார். அடுத்த மேசைக்குப் போய் அதையே சொன்னார்.

மெனுவில் ஒரு குறையும் இல்லை. சுட்ட கத்தரிக்காய் வரவழைத்தும் அக்கா பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"ஒண்ணு ரெண்டு தப்ப விட்டு வச்சிருக்கலாம்டி."