மாதிரி நோயாளிகள்

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சாவி’ என்று பெயர். அவள் இல்லாவிட்டால் எதுவும் திறக்காது என்று யாரோ வைத்தது. புகழ்ச்சி என்று நினைத்து ஆரம்பத்தில் அவளும் சிரித்துக்கொண்டாள். சாவியை யாரும் கையைவிட்டு அனுப்ப மாட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

கணவனும் மகளும் வேறு ஊரில். அங்கேயும் கம்பெனிக்கு ஒரு கிளை உண்டு, அதில் காலி இடமும் உண்டு. மேனேஜர் விட்டால் போதும். அவரோ மாற்றல் கேட்கும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவார்.

“புதுசா வர்றவங்க உங்களைக் கேக்காம வேலை செய்யட்டும். மறுநாளே கையெழுத்துப் போடுறேன்.”

சிக்கலே அதில்தான். அவர்கள் செய்வது, மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் மென்பொருள். புதிதாகச் சேர்பவரின் லேப்டாப்பில் டேட்டாபேஸ் காலியாக இருக்கும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘பதிவுகள் இல்லை’ என்று பல்லிளிக்கும். ஒரு பக்கத்தைச் சோதிக்க டாக்டரைச் சேர்த்து, நோயாளியைச் சேர்த்து, நேரம் பதிந்து, பில் போடுவதற்குள் பொழுது போய்விடும். நிஜ நோயாளிகளின் விவரத்தை நகலெடுக்கக் கூடாது. அது நியாயமான விதிதான். ஆகவே, கூப்பிடு சாவியை. அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் நல்ல வேலை தேடிப் பறந்தார்கள். அவள் மட்டும் அதே நாற்காலியில் வேர்விட்டுப்போனாள்.

இந்த முறை ஒரு பெண் சேர்ந்ததும், சாவி பல்லைக் கடித்துக்கொண்டு, காலி டேட்டாபேஸில் கற்பனை ஆட்களைத் தானாக நிரப்பும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒரே கட்டளை. பழையதைத் துடைத்துவிட்டு, முதலில் டாக்டர்களையும் நோயாளிகளையும், பிறகு அவர்களை இணைக்கும் பதிவுகளையும், கடைசியில் பில்களையும் நிரப்பும். உண்மையான நோயாளிகளின் விவரம் இருக்கும் நிஜ சர்வரில் மட்டும் ஓட மறுத்துவிடும். ஆட்களையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள்: கட்டத்தைத் தாண்டி வழியும் நீளப் பெயர்க்காரர், போன் நம்பரே இல்லாத பெரியவர், ஒரே நாளில் பிறந்த இரட்டையர், நேரம் பதிந்துவிட்டு டிமிக்கி கொடுக்கும் ஆசாமி. நோயாளிக்குப் பன்னிரண்டு வயதுக்குள் என்றால், கூட வருபவர் பெயர் கட்டாயம். அதைச் சோதிக்க ஒரு குழந்தை வேண்டுமே? மகளை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை வைத்தாள். வயதும் அவளுடையதுதான்: ஆறு. கூட வருபவர்: அம்மா. அந்த வரியை எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் வந்து நின்றாள்.

“அக்கா, ‘இன்றைய பதிவுகள்’ பக்கம் காலியா இருக்கு. நான் எதையாவது உடைச்சிட்டேனா?”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். “பாத்தீங்களா? இன்னும் உங்களைத்தானே கேக்குறாங்க!”

தப்பு சாவியுடையதுதான். அந்த வாரத் தேதிகளையே அப்படியே எழுதிவைத்திருந்தாள்; வாரம் போனதும் எல்லாம் பழங்கதையாகிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு மாற்றினாள். இனி எல்லாமே ஸ்கிரிப்ட் ஓடும் நாளிலிருந்து கணக்கு: நேற்று வந்தவர், இன்று வருபவர், அடுத்த வாரம் வரப்போகிறவர். குழந்தையின் பிறந்த தேதியும் அதே கணக்கில்தான், எப்போது ஓட்டினாலும் ஆறு வயது வரும்படி.

அதன்பிறகு அந்தப் பெண் எதையும் கேட்டு வரவே இல்லை. காலையில் கட்டளையை ஓட்டுவாள், பக்கங்களைத் திறப்பாள், பிழையைத் தானே பிடித்துத் திருத்துவாள். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு சாவி மேனேஜர் அறைக்குப் போனாள்.

“பிரமாதம்ங்க!” என்றார் அவர். “மத்த ப்ராஜெக்ட்லயும் இதே தலைவலிதான். எல்லாத்துக்கும் நீங்களே எழுதித் தர்றதா மேல சொல்லிட்டேன்.”

“சார், கையெழுத்துப் போடுறேன்னு சொன்னீங்களே.”

“போடாம எங்க போறேன்? இதை முடிங்க, பேசுவோம். உங்களை விட்டா யார் இருக்கா, சொல்லுங்க?”

நன்றாகச் செய்ததற்குத் தண்டனையா? படிக்கட்டில் நின்று வீட்டுக்கு போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள்.

“எப்பம்மா வர்ற?”

“இன்னும் கொஞ்ச நாள்தான்டா செல்லம்.”

“எனக்கு ஆறு வயசு இருக்கும்போதும் இதையேதான் சொன்ன.”

முகத்தைக் கழுவிக்கொண்டு இருக்கைக்கு வந்தாள். பக்கத்தில் அந்தப் பெண் திரையைக் காட்டிச் சிரித்தாள்.

“அக்கா, இந்தப் பாப்பாவைப் பாருங்க. எத்தனை தடவை துடைச்சு ஓட்டினாலும் ஆறு வயசு, இன்னைக்கு அம்மாவோட வருது. வளரவே மாட்டேங்குது!”

சாவி ஸ்கிரிப்டைத் திறந்து, குழந்தையின் வரியில் இருந்த கணக்கை அழித்துவிட்டு, மகளின் நிஜப் பிறந்த தேதியை எழுதினாள். கட்டளையை ஓட்டினாள். வயது ஏழு என்று வந்தது.

ஒருநாள் அந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு தாண்டும், அன்றைக்கு இந்தச் சோதனை உடையும் என்று அவளுக்குத் தெரியும். உடைந்தால் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும்.