இரண்டாவது இடம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். சாரம் பகுதியில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிப்படியில், கழுத்தில் விசில் தொங்க உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையனைத்தான் முதலில் பார்த்தேன். தெருவில் திடீரென்று வெள்ளம் புகுந்து முழங்காலைத் தாண்டியதால் நானும் அங்கே ஏறியிருந்தேன்.

அவன் அழவில்லை. வீட்டை விட்டு ஓடிவந்தவனோ என்று சந்தேகப்பட்டேன்.

"தனியா என்னடா பண்ற?"

"அம்மா வருவாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு படி மேலே நகர்ந்துகொண்டான்.

வரும் வழியில், பால் பூத் முனையில், பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் மகனைத் தேடிக் கூவிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லி, "வா, கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நான் எழுந்திருக்கறதுக்குள்ள அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. என்ன புடவைன்னு தெரியாது. வெள்ளம் வந்தா நானும் அம்மாவும் சேர வேண்டிய மொத இடம் பால் பூத்து. அங்க தண்ணி வந்தா இந்த மண்டபம். இங்க வந்துட்டா, அவங்க வர்ற வரைக்கும் நகரக் கூடாது. ரோட்டுல வாய்க்கா எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்புறம் எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

அவ்வப்போது மும்முறை விசில் ஊதினான். என்னிடமிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

ஐந்தே கால் மணிக்கு, மண்டபத்தின் பின்பக்க மேட்டுத் தெருவிலிருந்து ஒரு குரல் அவன் பெயரைக் கூப்பிட்டது. அப்போதும் அவன் இறங்கவில்லை. அவன் அம்மாதான் படியேறி வந்தார்.

அவர் கட்டியிருந்தது ஊதாப் புடவை.