நாற்பத்தொன்றாம் மனை

என் வீட்டுக்காரரின் அக்காவை ஊரில் எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் சொல்வார்கள். எனக்கு அண்ணி. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மெஷினும் ஒரு மேசையும் மட்டும் கொள்ளும் கடை; பத்தொன்பது வருடமாக அதை நடத்துகிறார். தாள் அடுக்குவதும் பின் அடிப்பதும் என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வருகிறவர்களிடம் பேசுவதெல்லாம் அண்ணிதான்.

தனியாள். இதுவரை ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் சுவரைப் பற்றித்தான் சண்டை.

"ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட ஓனர் மூஞ்சியைப் பாக்கணுமாம். எனக்குன்னு ஒரு சுவர் வரட்டும், சும்மாவாவது நூறு ஆணி அடிச்சுப் பாக்கறேன்" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் மேசை இழுப்பறையில் ஒரு பாக்கெட் ஆணியும் சின்னச் சுத்தியலும் இருந்தன.

கடைக்கு வாரம் தவறாமல் வரும் ஒரு நில புரோக்கர்தான் அந்த மனையைச் சொன்னான். ஊர் எல்லையில் புது லேஅவுட், கடைசி வரிசை, நாற்பத்தொன்றாம் மனை.

"அப்ரூவ்டு லேஅவுட் அக்கா. நம்பர் தாள்லயே இருக்கு, நீங்களே செக் பண்ணிக்கங்க. முப்பதடி ரோடு. உங்களுக்குங்கிறதால சொல்றேன், வெளில தெரிஞ்சா அடிச்சுப் பிடிச்சு வாங்கிடுவாங்க."

அண்ணி ஏமாறுகிறவர் இல்லை. நகரமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் போனில் அனுமதி எண்ணைச் சொல்லிக் கேட்டார். ஆறு வருடத்துக்கு முன் கொடுத்த அனுமதி, எண் சரிதான் என்றார் அவர். முன்பணம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை பதிவு என்று பேச்சு.

பதிவுக்கு எட்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, புரோக்கரோடு மனையைப் பார்க்கப் போனோம். உள்ளே போகப் போக, தார் ரோடு ஜல்லி ரோடாகி, ஜல்லி ரோடு புதிதாகக் கொட்டிய மண்ணாகிவிட்டது. முப்பதடி ரோட்டில் இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்றுதான் வழி விடவேண்டும். கடைசியாகக் கட்டியிருந்த வீட்டுக்கு ஆறு படி. கரண்டு மீட்டர் பெட்டியை என் தலைக்கு மேலே வைத்திருந்தார்கள். அதற்குச் சற்றுக் கீழே சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அந்த வீட்டம்மா துணி உலர்த்திக்கொண்டே எங்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"எந்த மனை?" என்றாள்.

"நாப்பத்தொண்ணு."

"ஓ" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முப்பத்தொன்பதாம் மனையில் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். யாரோ பஸ் டிரைவர் வாங்கியதாம், எட்டுப் பத்து நாளில் கான்கிரீட் போடுகிறாராம். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குழிக்குள் தண்ணீர் நின்றது. எங்கள் மனைக்கு நேர் எதிரே, மெயின் ரோட்டு மேட்டுக்கு அடியிலிருந்து, ஆள் குனிந்து நுழையும் அளவு ஒரு சிமெண்டுக் குழாய் பாதி மண்ணில் புதைந்து வாயைத் திறந்திருந்தது.

"தம்பி, இது எதுக்கு?" என்றார் அண்ணி.

"அது பழசுக்கா. இப்ப யாரும் யூஸ் பண்றதில்ல."

குழாயைப் பயன்படுத்துவது ஆள் இல்லையே, தண்ணீர்தானே என்று எனக்குத் தோன்றியது. குனிந்து பார்த்தேன். உள்ளே சேறு இன்னும் ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அவன் கொடுத்த லேஅவுட் படத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடியில் முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்திரண்டு வரை நான்கு மனைகள். அவற்றைச் சுற்றி, முடி அளவுக்கு ஒரு சாம்பல் நிழல். தாளின் மேல் இன்னொரு தாளை ஒட்டி நகல் எடுத்தால் ஓரத்தில் விழும் நிழல் அது. தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? மொத்த மனை எத்தனை என்று எழுதியிருக்கும் மூலைக் கட்டம் நகலில் விழவே இல்லை.

அதைவிட மோசமாக இன்னொன்று கண்ணில் பட்டது. தாளின் வலது பக்கம், இரண்டு விரல் தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ பின்னைப் பிடுங்காமலே பத்திரத்தை வைத்து இழுத்து எங்கள் மெஷின் கண்ணாடியில் போட்ட கீறல். எங்கள் கடை நகல் எல்லாவற்றிலும் அது இருக்கும்.

உடனே ஞாபகம் வந்தது. நகல் எடுக்க வரும்போது அவன் மூலப் படத்தை எங்கள் கையில் கொடுத்ததே இல்லை. "பழைய தாளுக்கா, கிழிஞ்சிடும். நானே வைக்கறேன்" என்று தானே மூடியைத் தூக்கி வைப்பான், எடுத்துச் சுருட்டிக்கொள்வான். நாங்கள் மரியாதையாக ஒதுங்கி நின்று பட்டனை மட்டும் அழுத்துவோம். ஒவ்வொரு முறையும் நான் பார்த்தேன். ஒரு முறையும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணியிடம் காட்டினேன். விளக்குக்கு நேராகத் தாளைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நம்ம கடைலயா போட்டது?"

"ஆமாண்ணி."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் நகரமைப்பு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, அதே எண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் படத்தின் சான்று நகல் கேட்டோம். வெள்ளிக்கிழமை கிடைத்தது. மூலைக் கட்டத்தில் மொத்த மனைகள் முப்பத்தெட்டு. அதற்கு அப்பால் ரோடே இல்லை. எங்கள் நாற்பத்தொன்று இருந்த இடத்தில் இரண்டு இணைகோடுகள். நடுவில் 'மழைநீர் ஓடை' என்று எழுதியிருந்தது. மெயின் ரோட்டுக் குழாயில் தொடங்கி லேஅவுட்டின் அடி ஓரமாக நீளமாகப் போனது.

அலுவலர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நம்பர் நிஜம்தாம்மா. எல்லாரும் நம்பரைத்தான் கேக்கறாங்க, படத்தைக் கேக்கறதில்ல. பத்திரம்கூடப் பதிவாகிடலாம். ஆனா அதுல வீடு கட்ட அனுமதி வராது. கட்டினாலும் மழை வந்தா தண்ணி அதோட வழியிலதான் வரும்." நகலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார், "இது எங்க எடுத்தது?"

அண்ணி நகலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

திங்கட்கிழமை காலை புரோக்கர் வந்தான். மனை வேண்டாம் என்றார் அண்ணி. சான்று நகலை அவன் முன்னால் விரித்தார். அவன் கோபப்படவில்லை. பயப்படக்கூட இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"சரிக்கா, விருப்பமில்லன்னா விடுங்க. முன்பணம் திரும்ப வராது, அது தெரியும்ல?" தாளின் ஓரத்தில் இருந்த கீறலை நகத்தால் மெதுவாக வருடினான். "இது எந்த மிஷின்ல வந்ததுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியும். கேஸுன்னு போனா உங்க கடைப் பேரும் வரும். ஒண்ணுமண்ணாப் பழகிட்டோம். எதுக்குக்கா?" மேசையில் கிடந்த தாள்களை நேராக அடுக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

அண்ணி மெஷின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை காப்பி போட்டிருப்போம்?"

எனக்குத் தெரியும். "பதினாலு அண்ணி."

"அந்த டிரைவர் இந்த வாரம் கான்கிரீட் போடறாருன்னு சொன்னாங்கல்ல?"

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணி மூடியைத் தூக்கி, சான்று நகலைத் தன் கையாலேயே கண்ணாடியில் வைத்தார். வந்த தாளில் கீறல் ஓடைக்குக் குறுக்கே நேராக விழுந்திருந்தது. இன்னொரு காப்பியும் எடுத்து, அதை மடித்து என் கையில் கொடுத்தார்.

"நீ போய் அந்த டிரைவர்கிட்ட கொடு. நம்ம கடைல போட்டதுதான்னும் சொல்லிடு. உனக்குப் பேச வரும், பயப்படாத."

பிறகு இழுப்பறையைத் திறந்தார். ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கடையும் வாடகைதான். ஓனரை அவர் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி, இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாகச் சுவரில் வைத்து அடித்தார். நாலு ஆணி.

முதல் தூறல் விழும்போது நான் தெருவில் இறங்கினேன். எதிர்ப்புறத்தில் புரோக்கருடைய பைக் நின்றிருந்தது. எஞ்சினை அணைக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே போனில் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான்.