நின்ற கோட்டில் மட்டும் நிழல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை. சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கையுறை, காக்கிச் சட்டை விற்கிறேன். ஒன்பது வருடம் சாலையைப் பார்த்தபடியே இருந்த கடை அது. போன வருடம் கட்டடத்துக்காரர் தன் மகனுக்கு அந்த இடம் வேண்டும் என்றார். மனக்கசப்பு இல்லாமல் காலி செய்து, பக்கத்துச் சந்துக்குள் நாலாவது கட்டடத்துக்கு வந்துவிட்டேன். வாடகைக்கு நல்ல இடம்தான். ஆனால் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு உள்ளே ஒரு கடை இருப்பது தெரியாது. அதனால் சந்து முனையில் மாட்ட, எட்டடி அகலம் நாலடி உயரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கச் சொன்னேன்.

பஜாரில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கமானவர். பழவேற்காட்டுக் குடும்பம். என் விசிட்டிங் கார்டெல்லாம் அவர் போட்டுக் கொடுத்ததுதான். கடையில் இருந்த ஒரு கறுப்பு ஷூவை போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். எழுத வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அடிப்பதற்கு முன் காட்டுங்கள் என்று நானும் கேட்கவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரும் கூப்பிடவில்லை. மறுநாள் சுருட்டிக் கட்டிய பேனர் வந்தது. ஆள் வைத்து மாட்டிய பிறகுதான் பார்த்தேன். ஷூ தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தது. எழுத்துகளும் ஏதோ தூக்கக் கலக்கத்தில் படிப்பது போல. அம்புக்குறி மட்டும் அம்புக்குறியாகத் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தேன். 'இவ்வளவு மோசமான வேலையை நான் பார்த்ததில்லை' என்று தொடங்கி ஒரு பக்கம் போய்விட்டது. அப்போதுதான், காலை ஷிஃப்ட் முடிந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், வெளியே போகும் பொருளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை. அஞ்சாம் நம்பர் ஷூ கேட்டாள். நான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் மேஜையில் இருந்த கடிதத்தைப் படித்து முடித்திருந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. எங்க கம்பெனில இப்டி எழுதி அனுப்பினா, சப்ளையர் சிரிச்சிக்கினு ஓரமா வச்சிடுவான்" என்றாள்.

"ஏம்மா, இருக்கறதத்தான எழுதிக்கீறேன்?"

"மோசம்னா இன்னா மோசம்? எந்த எடத்துல? எவ்ளோ தூரத்துல நின்னு பாத்தா? அத எழுதினாத்தான் அவங்க தேடிப் பாக்க முடியும்."

கடையைப் பூட்டாமலே இருவரும் சந்து முனைக்குப் போனோம். அவள் முதலில் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்தாள். பிறகு பத்தடியில். பிறகு மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டத்தில். நான் மங்கல் என்று ஒரே வார்த்தையில் சொன்னது அவள் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது.

"ஷூ வேற மாரி கெட்டுக்கீது, எழுத்து வேற மாரி கெட்டுக்கீது. ஷூவுல பாருங்க, கட்டம் கட்டமா. எழுத்துல கட்டமே இல்ல, நெழல் விழுந்தா மாரி ரெண்டு ரெண்டா தெரியுது. இந்த 'ட'வப் பாருங்கக்கா. நிக்கற கோடு ரெண்டு. படுத்த கோடு ஒண்ணுதான், சுத்தமா கீது."

உண்மைதான். போன் நம்பரில் இருந்த ஒன்றுகள் எல்லாம் இரட்டையாக நின்றன. அவள் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து என் போனில் படம் எடுத்துக் கொடுத்தாள். ஷூவைப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறதென்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பழைய கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேறு எழுதினேன். அது இப்படி இருந்தது:

'பாய் அவர்களுக்கு. நீங்கள் அடித்துக் கொடுத்த எட்டுக்கு நாலு பேனரில் இரண்டு குறை பார்த்தேன். ஒன்று, ஷூ படம் பத்தடியில் நின்றால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இரண்டு, எழுத்துகளில் நிற்கும் கோடுகள் இரட்டையாக விழுந்திருக்கின்றன. படுத்த கோடுகள் சரியாக இருக்கின்றன. எழுத்தை நீங்கள்தான் டைப் செய்தீர்கள், ஆகையால் அது என் படத்தால் வந்த குறையாக இருக்காது என்று நினைக்கிறேன். ஜனங்கள் பக்கத்தில் நின்று படிக்கிற பேனர் இது. ஸ்கேல் வைத்து எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், பேனரில் எழுத்தோடு வெட்டிய ஒரு மூலை இதோடு இருக்கிறது. எங்கே தவறு என்று பார்த்துச் சொல்லுங்கள். என் பக்கம் தவறு இருந்தாலும் சொல்லுங்கள்.'

கடைசி வரியை எழுதும்போது கொஞ்சம் யோசித்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் போய் நேரில் கொடுத்தேன். பாய் நின்றபடியே படிக்கத் தொடங்கினார்.

"போட்டோ நீங்க அனுப்புனதுதான் அக்கா" என்றார் முதலில். இரண்டாவது குறைக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். நான் கொண்டுபோன மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். மெஷினில் ஏதோ கல்யாண பேனர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பாதியில் நிறுத்தினார்.

கோடுகோடாக ஒரு சோதனைத் துண்டை அடித்து, எடுத்துக்கொண்டு வந்து என்னிடமே நீட்டினார்.

"ஹெட்டு இந்தப் பக்கம் போறப்பவும் மை அடிக்குது, திரும்பி வர்றப்பவும் அடிக்குது. ரெண்டும் ஒரே எடத்துல விழணும். போன வாரம் கனமான ஃபிளெக்ஸ் மாட்றதுக்கு ஹெட்ட ஏத்தி வச்சேன். அப்புறம் அலைன்மெண்ட் பாக்காம வுட்டுட்டேன். என் தப்புதான்க்கா."

"அந்தக் கல்யாண பேனரும் இப்டித்தானா?"

"அதுவும்தான். சாயங்காலம் ஊத்துக்கோட்டைக்குப் போவணும். நீங்க வரலன்னா மாப்ள பேரு ரெண்டு ரெண்டா நின்னிருக்கும்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு கம்ப்யூட்டரில் என் படத்தைத் திறந்தார். பேனரில் ஷூ எவ்வளவு பெரிதாக வருமோ, திரையிலும் அதே அளவு வரும்வரை பெரிதாக்கினார். நம்ப மாட்டேனோ என்று டேப்பை என் கையில் கொடுத்து அளக்கவும் சொன்னார். முழு ஷூ திரையில் அடங்கவில்லை, முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. அதிலேயே கட்டங்கள்.

"இங்க மங்கலா கீறது அடிச்சா தெளிவாவாது. வாட்ஸப்புல போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்புங்க. ரோட்டு மேல ஒசரத்துல மாட்டறதுன்னா இதுவே போதும், தூரத்துல தெரியாது. உங்களுது கிட்டத்துல நின்னு பாக்கறது."

"இத மொதல்லயே காட்டிருக்கலாமில்ல பாய்?"

"காட்டிருக்கணும்" என்றார். வேறு சமாதானம் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைக்குத் திரும்பி, ஷூவை வாசல் வெளிச்சத்தில் வைத்து, கிட்டே போய் ஷூ மட்டும் நிறைகிற மாதிரி படம் எடுத்து டாக்குமென்ட்டாக அனுப்பினேன். பிற்பகலில் பாய் மொத்த டிசைனையும் போனுக்கு அனுப்பினார். போன் நம்பரை என் சிம்மோடு ஒப்பிட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். 'கையுறை'யில் ஐகாரம் விட்டுப்போயிருந்தது, சொன்னேன், திருத்தினார். நம்பர் வரும் இடத்தை மட்டும் ஒரு சாண் துண்டாக முதலில் அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முழுவதும் ஓட்டியதாகச் சொன்னார். பேனரை அவரே வண்டியில் கொண்டுவந்து, அவர் ஆளை விட்டே மாட்டிக் கொடுத்தார். போகும்போது தயங்கித் தயங்கி, அந்தக் கடிதத்தைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கப் போகிறாராம். என் கையெழுத்து அவ்வளவு அழகில்லை. ஆனாலும் சரி என்றேன்.

மறுநாள் காலை அத்திப்பட்டுப் பக்கம் ஒப்பந்த வேலை பார்க்கும் இரண்டு பேர் சந்துக்குள் வந்தார்கள். ஒருவர் போனில் பேனரையே படம் எடுத்து வைத்திருந்தார். ஷூவின் தையலைக்கூட விரலால் பெரிதாக்கிக் காட்டி, "இதே ஷூதான் வோணும், எட்டாம் நம்பர்" என்றார். எட்டாம் நம்பர் என்னிடம் இல்லை. நாளை மறுநாள் வரும் என்றேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக்கொண்டு போனார்கள்.