தொலைந்த போனும் நாலு வரி மனுவும்

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை. இருதய ஆபரேஷன் ஆனவர். தினம் சாயங்காலம் ட்யூட்டி முடிந்து கூப்பிடுவார். நான் எடுக்கவில்லையென்றால் பதறிப்போவார். அவர் நம்பரும் அன்று தொலைந்த என் போனுக்குள்தான் இருந்தது, எனக்கு மனப்பாடமில்லை. அதே நம்பரில் வேறு சிம் வாங்கப் போனால், போலீஸ் ரசீது வேண்டும் என்றார்கள் கடையில்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். மேலே பெருமாள் பெயர். அப்புறம் ஆபரேஷன், என் வேண்டுதல், உச்சிக்கால பூஜைக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று டவுன் மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸில் ஓடிவந்தது, கோயில் வாசலில் பையில் கையை விட்டால் போன் இல்லாதது, பஸ்ஸில் ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் மேல் சந்தேகம்.

பெண் ஏட்டு வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, இது மனுவா, பெருமாளுக்குக் கடிதாசா? அந்தப் பொண்ணு எடுத்ததைப் பார்த்தீங்களா?"

"பார்க்கலைங்க."

"அப்ப அந்த வரி வேண்டாம். பஸ்ல தொலைஞ்சுதுன்னா, ஏறின இடத்து ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிடுவாங்க."

வெயிலில் மறுபடியும் டவுனுக்கா? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் போகச் சொல்றீங்களே, மேடம். அவர் அங்க பதறிக்கிட்டு இருப்பார்."

"கத்தாதீங்கம்மா. கடைசியா யார்கிட்ட பேசினீங்க? அதிலேருந்து வரிசையா சொல்லுங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, பூக்கடையில் துளசி மாலை கட்டித் தரும்போது தங்கையிடம் போனில் பேசினேன். அதற்குப் பிறகுதான் காணோம்.

"மணி என்ன?"

"உச்சிக்காலத்துக்கு முன்னாடி."

"கடிகாரத்து மணி கேக்கறேன்."

சுமாராகச் சொன்னேன். அடுத்து அந்த போனுக்கென்றே உள்ள ஐ.எம்.இ.ஐ. நம்பர் கேட்டார், போன் வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்குமாம். வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்தேன். அதில் சூடமும் மஞ்சள்பொடியும் போட்டு வைத்திருந்தேன். மஞ்சள் கறையைத் துடைத்து நம்பரைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் மனுவில், பெயர் விலாசம் போக, நாலு வரிதான் மிஞ்சியது. இன்ன தேதி, இன்ன நேரம் பூக்கடையில் போன் பேசினேன். கோயில் வாசலில் பார்த்தபோது காணவில்லை. செல் நம்பர், ஐ.எம்.இ.ஐ. நம்பர் இவை. கண்டுபிடித்துத் தரவும், வேறு சிம் வாங்க ரசீது தரவும் வேண்டுகிறேன்.

"பெருமாள் பெயராவது மேலே இருக்கட்டுங்க."

"அவர் சாட்சி சொல்ல வருவாரா?" என்று கேட்டபடி ஏட்டு ரசீதில் முத்திரை குத்தினார்.

சிம் வாங்கி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பட்டன் போனில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டேன். இருட்டும் நேரத்தில் மணி அடித்தது. வாட்ஸப் போகவில்லை என்று நேராகவே கூப்பிட்டிருந்தார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகலைங்க. காலையில பெருமாளை சேவிக்கணும்னு கிளம்பினேனா..."

"காசு ஓடுது. சுருக்கமா சொல்லு."

அந்த நாலு வரியையும் அப்படியே வரிசையாகச் சொன்னேன். அவர் நிம்மதியாக மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதன்பிறகுதான் எழுந்துபோய் விளக்கேற்றினேன்.