பழத்துக்கு ஒரு துண்டு கருவாடு

புதுக்குடியிருப்பு கிளினிக்கில் என் கையில் சுற்றிய பட்டியை அவிழ்த்தபடி, பிரஷர் கொஞ்சமும் குறையவில்லை என்றார் தாதி. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“குளிசை ஒருநாளும் தவறவிடேல்லை, மிஸ். விடிய வாய்க்கால் கரையால அரை மணித்தியாலம் நடக்கிறன். பயறு, கீரை, நாளுக்கு இரண்டு வாழைப்பழம், எல்லாம் நீங்கள் சொன்னபடிதான்.”

இவற்றில் உள்ள பொட்டாசியம், உடம்பிலுள்ள உப்பைச் சிறுநீரோடு வெளியேற்ற உதவும் என்று போன மாதம் விளக்கியவர் அவர்தான். என் சிறுநீரகம் நன்றாக இருப்பதை டொக்டர் பார்த்த பிறகே அவற்றைக் கூட்டச் சொல்லியிருந்தார்.

“உப்பைக் குறைச்சனீங்களோ?”

“ஓம், கறிக்குக் குறைச்சாச்சு. கருவாடு மட்டும் முந்தி ஒரு துண்டு, இப்ப பழத்துக்கு ஒரு துண்டு. அதுதான் பழம் உப்பைக் கழிச்சுப்போடுமே!”

தாதி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

“ஐயா, பழம் உப்பை முன்வாசலால கலைக்குது. நீங்கள் பின்வாசலால திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறியள்.”

அன்றோடு கருவாட்டை நிறுத்தினேன். அடுத்த கிளினிக்கில் பிரஷர் இறங்கியிருந்தது. எங்கள் வீட்டுப் பூனைதான் என்னோடு கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது.