கேள்வியையே விடையாக ஏற்ற கணினி

எங்கள் கணக்கு வாத்தியாருக்குச் சுண்ணாம்பு என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். அவர் கால்சட்டையின் பின்பக்கம் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருக்கும். கணக்கைத் தவிர அவருக்கு உலகத்தில் ஒன்றும் தெரியாது. கணக்கு தெரியுமா என்பது தனிக் கதை.

பின்னங்களுக்கு அவரிடம் ஒரே ஒரு பயிற்சித்தாள். என் அண்ணனும் அதையே எழுதித் தோற்றவன். நகலை நகலெடுத்துப் பாதிக் கேள்வி கறுத்துப் போயிருக்கும். அதை ஆன்லைன் தேர்வாக மாற்றி, திருத்துவதைக் கணினியிடம் விடச் சொன்னார் தலைமையாசிரியை. காகிதத்தில் நாங்கள் வாங்கிய மதிப்பெண்ணோடு அது ஒத்துவராவிட்டால் எங்கள் ஒன்பதாம் வகுப்பு புது டீச்சருக்கு. சுண்ணாம்புக்கு மிஞ்சுவது நூலகத்தில் உட்கார்ந்து தூங்குவது.

முதல் முறை வகுப்பே கவிழ்ந்தது. 1 ÷ 2 என்ற கேள்விக்கு அவர் கொடுத்து வைத்த விடை 0.5. முன்பெஞ்சு முதல்மார்க்குக்காரி 1/2 என்று எழுதினாள். தப்பு. பக்கத்தில் இருந்தவள் 0.50 என்றாள். அதுவும் தப்பு.

"சார், ரெண்டும் அரைதானே சார்?"

"கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லுதேம்மா."

"அப்ப அதையும் முட்டி போடச் சொல்லுங்க சார்," என்றேன். நான்தான் முட்டி போட்டேன்.

அன்று சாயங்காலம் கணினி ஆய்வகத்தில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, 'சம மதிப்புள்ள எந்த விடையும் சரி' என்ற கட்டத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். மனுஷன் அதை எல்லாக் கேள்விக்கும் டிக் செய்துவிட்டார். தலைவலிக்கும் கால்புண்ணுக்கும் ஒரே களிம்பு.

மறுநாள் திரும்பத் தேர்வு. 6/8ஐச் சுருக்குக என்றது. சோம்பலாக இருந்தது, 6/8 என்றே போட்டேன். சரியாம். 12/18க்கு 12/18. அதுவும் சரியாம். கடைசிவரை கேள்வியைப் பார்த்தே எழுதினேன். நூற்றுக்கு நூறு, 'அருமை!' என்றது திரை. வாத்தியாருக்கு ஏற்ற கணினி.

பின்பெஞ்சுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், வகுப்பு மொத்தமும் நூறு. மதியம் தலைமையாசிரியை மதிப்பெண்ணைச் சரிபார்க்க வரும்போது சுண்ணாம்பின் முகத்தைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். திரும்பினேன். அவர் கைக்குட்டையால் ஒவ்வொரு திரையாகத் துடைத்துக்கொண்டிருந்தார், பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போல.

தேர்வின் கடைசியில் இருந்த கருத்துப் பெட்டியில் தட்டினேன்: 'சார், கேள்வியையே விடையாப் போட்டேன். நூறு வந்துருக்கு. மேடம் வர்றதுக்குள்ள பாருங்க.'

இடைவேளையில் கூப்பிட்டார்.

"எத்தனை பேர்கிட்டடா சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"ஏன்டா?"

"மறந்துட்டேன் சார்."

மதிப்பு கேட்கும் கேள்விகளில் 1/2, .5, 0.50 எல்லாம் செல்லும்படி விட்டுவிட்டார். 'சுருக்குக' என்ற கேள்விகளில் மட்டும் அந்த டிக்கை எடுத்தார். 3/4 செல்லும், இடைவெளி விட்டு 3 / 4 என்றாலும் செல்லும், 6/8 செல்லாது. பிறகு மறுபடி திருத்தும்படி பொத்தானை அழுத்தினார். முதல்மார்க்குக்காரியின் மார்க் அசையவில்லை. என் நூறு, மதிப்பு கேட்கும் கேள்விகள் மட்டும் தந்த முப்பதாக வடிந்தது.

தலைமையாசிரியை வந்து காகிதத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். காகிதத்திலும் எனக்கு அதே முப்பது.

"இவன் மார்க்கே ஒத்துப்போகுதே சார், அப்ப சரியாத்தான் இருக்கும்," என்று கிளம்பினார்.

ஒன்பதாம் வகுப்பு சுண்ணாம்பிடமே இருக்கிறது. எங்கள் தலையெழுத்து.